ஒருவர் எழுந்த பின், அடுத்தவர் உட்காரும் முன்

(தொண்டாமுத்தூரில் சலூன் தொழில் பழகச் சேர்ந்தவர்களுக்கான முதல் நாள் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஒரு சலூனின் தரம், நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து அடுத்தவர் அதில் உட்காரும் வரையுள்ள நான்கைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு முன் நடந்தது எழுந்தவருக்கான வேலை. அதற்குப் பின் நடக்கப்போவது உட்காருபவருக்கான வேலை. நடுவிலுள்ள நிமிடங்களில் செய்யும் வேலையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. அதற்குத் தனிக் கூலியும் இல்லை. தொழில் பழக வந்தவரின் கைக்குக் கத்தரி வருவதற்கு மாதங்கள் ஆகும். இந்த நிமிடங்கள் முதல் நாளே அவர் பொறுப்புக்கு வந்துவிடுகின்றன.

முதலில் அகற்ற வேண்டியது பிளேடு. கத்திப் பிடியிலிருந்து கழற்றி, மூடியில் சிறு துளையிட்ட தகர டப்பாவில் போட்ட பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். மேடையில் கிடக்கும் பிளேடு, மேடையைத் துடைக்கும் கையைத்தான் வெட்டும். அடுத்து டவல். வியர்வையோ நுரையோ பட்ட டவல் மடித்து ஓரமாக வைக்கப்படாமல் நேராக அழுக்குக் கூடைக்குப் போக வேண்டும். மடித்து வைத்த டவல் அரை மணி நேரத்தில் உலர்ந்து, புதியதைப் போலவே தோற்றம் தரும். அப்படித்தான் அது அடுத்தவர் முகத்துக்குப் போகிறது. பிறகு சீப்பும் கிளிப்பும் கழுவும் தொட்டிக்கு. போர்வையை உதறி, அதன் கழுத்துப் பகுதியைத் துடைத்து, அடுத்தவருக்குப் புதிய காகிதக் கழுத்துப்பட்டி எடுத்து வைக்க வேண்டும். நாற்காலியின் கைப்பிடி, தலைசாய்க்கும் பலகை, தரை என்று வரிசையாக முடித்து, கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையை முதலில் கழுவிவிட்டு மேடையைத் துடைப்பவர் கழுவாதவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஒழுங்கு குலையும். தொண்டாமுத்தூரைச் சுற்றியுள்ள நரசீபுரம், தேவராயபுரம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வாரத்தில் ஓய்வு கிடைக்கும் அந்த ஒரு நாளில்தான் கட்டிங்குக்கு வருவார்கள். பெஞ்சில் ஆறேழு பேர் காத்திருக்கும்போது நடுவேலையைச் சுருக்கத் தோன்றும். முதலில் விட்டுப்போவது கைகழுவல், அடுத்தது சீப்பு. கூட்ட நாளுக்கு வேண்டிய மாற்று ஏற்பாடு, கருவிகளைக் கூட்டுவது. ஒரு நாற்காலிக்கு ஒரே செட் சீப்பு இருந்தால் ஊறவைக்க நேரம் கிடைக்காது. மூன்று செட் இருந்தால் ஒன்று ஊறும், ஒன்று உலரும், ஒன்று வேலையில் இருக்கும். சீப்பின் விலையோ சொற்பம்தான்.

பிளேடு பற்றிய கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதன் கண்டிப்பு புரியும். முன்பெல்லாம் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டி, தண்ணீரில் அலசி, நாள் முழுவதும் பலருக்குப் பயன்படுத்துவார்கள். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் ஊர் ஊராகப் போனபோது, ‘புது பிளேடு போடுங்க’ என்று கேட்கும் பழக்கம் தமிழ்நாடெங்கும் வேரூன்றியது. தீட்டும் கத்தி போய், பாதி பிளேடு மாட்டும் பிடி வந்தது.

ஆனால் சலூனில் அதிகம் அஞ்ச வேண்டியது எச்.ஐ.வி.யை அன்று. அது உடலுக்கு வெளியே சீக்கிரம் வலுவிழந்துவிடும். கத்தி வழியாகப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் வேறு வகை. காய்ந்த ரத்தத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில்கூட, அது குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். கல்லீரலைத் தாக்கும் இந்த நோய் உள்ளவர் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுவார். ஆகவே யாரிடம் இருக்கிறது என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. எல்லாருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரி கருதுவது ஒன்றே வழி.

பிளேடை ஒடிப்பதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. காகித உறையோடு நீளவாக்கில் வளைத்தால் பிளேடு இரண்டாக ஒடியும். ஒரு பாதி பிடியில் மாட்டப்படும். மீதிப் பாதி மேடையில் கிடந்தால், அது மாட்டாததா, ஏற்கெனவே மாட்டிக் கழற்றியதா என்று பத்து நிமிடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் உறையை வாடிக்கையாளர் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். மீதிப் பாதியை அவருடைய இரண்டாம் கைக்கே, அதாவது நுரை போட்டு மறுபடி மழிப்பதற்கே வைத்துக்கொள்ள வேண்டும். தேவைப்படாவிட்டாலும் அதுவும் முதல் பாதியோடு சேர்ந்து டப்பாவுக்குப் போக வேண்டும். இன்னொரு ஓட்டை கட்டிங்கில் இருக்கிறது. ஷேவிங்குக்குப் புது பிளேடு போடுபவர்கூட, கட்டிங்குக்குப் பின் கிருதா ஓரத்தையும் பிடரியையும் ஒதுக்க முந்தைய பிளேடையே எடுத்துவிடுவார். பிடரித் தோலில் பருவும் வியர்க்குருவும் இருக்கும். கீறல் விழுந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. கட்டிங்குக்கும் புது பிளேடு என்பது இந்தத் தொழிலில் விலக்கில்லாத விதி.

கீறல் விழுந்தால் என்ன செய்வது என்பதை ஒரு நிகழ்வாகப் பார்க்கலாம். பாக்குத் தோட்டத்தில் வேலை செய்பவர் ஒருவர் நான்கு நாள் தாடியோடு வந்து உட்காருகிறார். தாடை எலும்புக்குக் கீழே முடி ஒரு சுழியாக வளர்ந்திருக்கிறது. கத்தி எதிர்வாக்கில் போனதும் ஒரு துளி ரத்தம் தெரிகிறது. கையை நிறுத்தி அவரிடம் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இந்த இடத்தில் பழைய வழக்கப்படி மேடையிலுள்ள படிகாரக் கட்டியை ஈரத்தோடு தேய்ப்பார்கள். கட்டி ஒன்று, முகங்கள் பல. முந்தையவர் ரத்தம் பட்ட கட்டி இவருடைய திறந்த காயத்தில் படுகிறது. புது பிளேடு போட்டதன் பயன் அந்த ஒரு தேய்ப்பில் போய்விடும். படிகாரம் வேண்டுமென்றால் பொடியாக்கி, புதுப் பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சை எறிந்துவிடலாம்.

ரத்தம் சிந்திய மேடைக்கு ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் வேண்டும். ஐந்து சதவீதமாக விற்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் இந்த அளவு கிடைக்கும். காலையில் கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் குறையும். ரத்தத்தின் மேல் ஊற்றிய உடனே துடைத்தால் பயனில்லை, பத்து நிமிடம் நிற்க வேண்டும். கத்தரி போன்ற இரும்புச் சாமான் இந்தக் கரைசலில் அதிக நேரம் கிடந்தால் துருப்பிடிக்கும். அதை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிறகு எழுபது சதவீத ஆல்கஹாலில் பத்து நிமிடம் வைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். எந்த மருந்தானாலும் அழுக்கும் முடித்துணுக்கும் போன பிறகுதான் வேலை செய்யும். கழுவாமல் நேராக மருந்தில் போட்ட சீப்பு, மருந்தில் நனைந்த அழுக்குச் சீப்பாகவே வெளியே வரும். பல சலூன்களில் நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி ‘எல்லாம் சுத்தம் பண்ணதுதாங்க’ என்று சொல்வதுண்டு. அந்த ஒளி நேராகப் படும் பக்கத்தை மட்டுமே தொடும்; சீப்பின் பற்களுக்கு இடையிலும் கத்தரி மடிப்பிலும் போகாது. சுத்தம் செய்ததைத் தூசிபடாமல் எடுத்து வைக்க அது உதவும், சுத்தம் செய்ய உதவாது.

கீறல் பழகுபவரின் விரலிலும் விழும். அப்போது விரலை வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டுப் போட்டு, மூத்தவரிடம் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் ரத்தம் பட்ட பிளேடு கிழித்திருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். சில மணி நேரத்துக்குள் தொடங்குவது இன்னும் நல்லது. ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தவணை. கத்தி பிடிக்கும் நாளுக்கு முன் முதல் இரண்டையாவது முடித்திருக்க வேண்டும் என்பதால், தொழில் பழகச் சேரும் வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்வது சரி.

கண்ணுக்குத் தெரிகிற தொற்றுகளில் மனிதரைப் புண்படுத்தும் தவறுகள் அதிகம் நடக்கின்றன. தலையில் வட்டமாக முடி உதிர்ந்த ஒரு பையன் வந்தால், அருகில் இருப்பவர்கள் ஒதுங்குவார்கள். அந்த வட்டத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். தோல் வழவழவென்று, செதிலும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் ஊரில் புழுவெட்டு என்று சொல்வது. அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் முடி வேரையே தாக்குவதால் வருவது. யாருக்கும் ஒட்டாது. ஓரத்தில் செதில், அரிப்பு, வேரருகில் ஒடிந்து கரும்புள்ளியாக நிற்கும் முடி ஆகியவை இருந்தால் படர்தாமரை வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அது சீப்பு, டிரிம்மர், டவல் வழியாகப் பரவும். குழந்தையின் தலையில் தொட்டால் அமுங்குகிற, சீழ் கோத்த வீக்கம் இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் மெஷின் வைக்கவே கூடாது. வெண்புள்ளி ஒட்டாது, பொடுகும் ஒட்டாது. பேன் தலையோடு தலை உரசினால் பரவும். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும்.

நோயைச் சொல்வது பழகுபவரின் வேலையாகாது. ‘இந்த இடத்துல தோல் கொஞ்சம் வேற மாதிரி இருக்குதுங்க, டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிட்டு வாங்க, அப்பறமா வெட்டிக்கலாம்’ என்று, பெஞ்சில் இருப்பவர் காதில் விழாமல் சொன்னால் போதும். வெட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் பாதியில் எழுப்பிவிடக் கூடாது. கத்தரியாலேயே முடித்து, அன்றைய சீப்பு, போர்வை, டவல் எல்லாவற்றையும் தனியே ஒதுக்கி வெந்நீரில் துவைத்து, கருவிகளைக் கழுவி மருந்தில் ஊறவைக்க வேண்டும். டிரிம்மரின் பிளேடைக் கழற்றிப் பிரஷ்ஷால் முடித்துணுக்கைத் தட்டிய பிறகே மருந்து தெளிக்க வேண்டும். துணுக்கு அடைத்த டிரிம்மர் சூடேறும். நீண்ட நேரம் ஓடிய மெஷினைப் பிடரியில் வைப்பதற்கு முன் தன் மணிக்கட்டில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்ல கைக்கு அடையாளம்.

ஹேர் டையில் இடைவெளி நிமிடக் கணக்கைத் தாண்டி நாள் கணக்காகிறது. கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பிபிடி என்று சுருக்கிச் சொல்லப்படும் பொருள் உண்டு. சிலருடைய உடல் அதை ஏற்காது. இருபது ஆண்டு அடித்தவருக்கும் இருபத்தோராம் ஆண்டில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அம்மோனியா இல்லை என்று அட்டையில் எழுதியிருப்பதால் பிபிடி இல்லை என்று ஆகாது. மருதாணி என்று விற்கும் தூளும் அப்படியே. வெறும் மருதாணி இலை முடிக்குச் செம்பழுப்பைத்தான் கொடுக்கும். கறுப்பாக்கும் ‘மருதாணி’யில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

ஞாயிறு முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் அப்பா சனிக்கிழமை மாலை வந்து டை அடிக்கச் சொல்கிறார்; இதற்கு முன் அடித்ததில்லை. டையைத் தோலில் தடவிப் பார்க்கும் சோதனைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வேண்டும், அவரிடம் இருப்பது பன்னிரண்டு. இங்கே சரியான பதில் அடிக்க முடியாது என்பதுதான். கட்டிங், ஷேவிங், மீசை ஒதுக்குவது எல்லாம் செய்து அனுப்பலாம். எதிர்வினை வந்தால் மறுநாள் காலை நெற்றியும் காதும் சிவந்து அரித்து, இமைகள் வீங்கி, மேடையில் நிற்க முடியாமல் போகும் என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும். பத்திரிகை வைக்க வரும்போதோ, முந்தைய கட்டிங்கின்போதோ கல்யாணப் பேச்சு காதில் விழுந்தாலே ‘டை அடிக்கறதா இருந்தா வியாழக்கிழமைக்குள்ள ஒருக்கா வந்துட்டுப் போங்க’ என்று சொல்லிவைப்பது பழகிய சலூனின் வழக்கம். வியாழன் காலை காதின் பின்புறத்தில் பயறளவு டையைத் தடவி, பெட்டியில் சொன்ன நேரம் விட்டு, கழுவி அனுப்ப வேண்டும். டையின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை காலை அந்த இடத்தில் சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் அடிக்கலாம். ஒருமுறை ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு கம்பெனி டை என்றும் துணியக் கூடாது. அடுத்த தடவை முன்பைவிட மோசமாக வரலாம். மூச்சுத் திணறலோ நாக்கு வீக்கமோ வந்தால் கழுவிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தவர் உட்காரும் முன் தீர்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. யார் அடுத்தவர் என்பது. கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி நெடுங்காலம் வந்த வரிசையால் தீரவில்லை, சாதியால் தீர்ந்தது. இங்கே நாவிதர் குடிமகன் என்ற பெயரில் ஊரோடு பிணைக்கப்பட்டிருந்தார். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மணமக்களுக்கு மங்கல வாழ்த்து சொல்பவர் அவரே. அது கம்பர் பாடியது என்று வழக்கம். கல்யாண மேடையில் அவர் குரல் இல்லாமல் சடங்கு நிறையாது. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவர் முடிவெட்டினால் ஊரார் அவரைக் கைவிடுவார்கள். மறுத்தவர் கையில் கத்தரி இருந்தது. மறுக்கச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார்கள். இது பழங்கதையாக முடிந்துவிடவில்லை. சலூனில் முடிவெட்ட மறுத்ததாகப் புகார்கள் தமிழ்நாட்டில் இந்த நூற்றாண்டிலும் காவல் நிலையம் வரை வந்திருக்கின்றன.

சட்டம் இதில் சலூனைப் பெயர் சொல்லியே பேசுகிறது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாகப் பிறந்து, 1976 திருத்தத்தில் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம், கடை என்பதற்கு விளக்கம் சொல்லும்போது சலவைக் கடையையும் முடிதிருத்தும் கடையையும் சேர்த்துச் சொல்கிறது. அதன் ஆறாம் பிரிவு, தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பவருக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அந்தப் பிரிவின் வார்த்தைகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வழக்கமாகச் செய்யும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் செய்ய மறுத்தாலே குற்றம். ‘சாயங்காலம் கடை சாத்தின பொறகு வா’ என்பது நேர மறுப்பு. ‘வீட்டுக்கு வந்து வெட்டி விடறேன்’ என்பது இட மறுப்பு. கூடுதல் காசு கேட்பது நிபந்தனை மறுப்பு. வெளிப்படையாக முடியாது என்று சொல்பவர் இப்போது குறைவு. ‘கரண்ட் இல்லை’, ‘பிளேடு தீந்து போச்சு’, ‘அப்பாயின்ட்மென்ட் இருக்குது’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்து வந்தவரை உட்காரவைப்பதுதான் இன்றைய வடிவம். பட்டியல் சாதியினருக்கு எதிராக இப்படி நடந்தால், அது தீண்டாமையின் பேரில் நடந்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு மறுத்தவருடையது.

ஆகவே வந்த வரிசையை எல்லாரும் பார்க்கும் பலகையில் எழுதிவிடுவது நல்லது. பெயர் போதும், ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்கத் தேவையில்லை. போர்வை, டவல், தண்ணீர் டம்ளர் எதிலும் தனி செட் கிடையாது. மேற்கே மலையடிவாரப் பதிகளிலிருந்து வரும் இருளர் பையனுக்கும் ஏக்கர் கணக்கில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கும் ஒரே ‘வாங்க, உக்காருங்க’. கொங்குப் பேச்சில் மரியாதை ‘ங்க’வில் தெரியும், அதை ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு விடுவதும் பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியும். வயதில் மூத்தவர்கள் அண்ணா, அக்கா. பள்ளிப் பையன்கள் தம்பி. ‘அவனுக்கு வெட்டின சேர்ல நான் உக்கார மாட்டேன்’ என்று யாராவது சொன்னால் பழகுபவர் வாதாட வேண்டியதில்லை. ‘வரிசைப்படிதானுங்க’ என்று சொல்லிவிட்டு மூத்தவரைக் கூப்பிட வேண்டும். அதற்கு மேல் பேசுவது கடைக்காரரின் பொறுப்பு, அந்த வாடிக்கையாளரை இழப்பதும் அவருடைய முடிவு.

பழகும் வரிசை இதிலிருந்தே பிறக்கிறது. முதல் வாரங்கள் நாற்காலியைத் தயார் செய்வதும் கருவி கழுவுவதும். அதோடு தலை அலசவும் பழக வேண்டும். சிறுவாணித் தண்ணீரில் சிறிது ஷாம்பு போதும். போர் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் நுரை எளிதில் வராது. அதற்காக ஷாம்பைக் கூட்டிக்கொண்டே போனால் பிசுக்கு தங்கும், கூடுதலாக அலச வேண்டியிருக்கும். பிறகு பிளேடு மாட்டாத பிடியால் கை வாக்கு, அடுத்து ஊதிய பலூனில் நுரை தடவி உடையாமல் மழிப்பது. பலூனில் கை நின்ற பிறகு மூத்தவர் அருகில் நிற்க, சம்மதம் சொன்ன ஒருவருக்கு முதல் ஷேவிங். பழகும் கை என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அன்று உறையைப் பிரிப்பது முதல் பிளேடை டப்பாவில் போடுவது வரை அத்தனையும் பழகுபவரே செய்வார். மூத்தவர் பார்ப்பது மட்டும்தான்.